ஆக்கிரமிப்பாளர் அல்லர், இடமாள்வோர்

‘ஆக்கிரமிப்பாளர் பொறுப்பு’ என்ற தொடரை மறுபடியும் பார்த்துவிட்டேன். இந்த முறை ஒரு வீட்டுக் காப்பீட்டு விளக்கக் கையேட்டில். வீட்டுக்கு வரும் விருந்தாளி மாடிப்படியில் தவறி விழுந்து அடிபட்டால், அந்த இழப்புக்கு வீட்டுக்காரர் எந்த அளவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை விளக்கும் பகுதி அது. அதன் தலைப்பிலேயே வீட்டுக்காரரை ஆக்கிரமிப்பாளர் ஆக்கிவிட்டார்கள். தமிழில் ஆக்கிரமிப்பாளர் என்றால் அடுத்தவர் இடத்தையோ பொது இடத்தையோ வளைத்துப் போட்டவர். படிப்பவருக்கு என்ன தோன்றும்? புறம்போக்கில் குடிசை போட்டவருக்கான சட்டம் என்றுதான் தோன்றும்.

மூலச் சொல் ஆக்குபையர். ‘பிடி, கைப்பற்று’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கைப்பற்றுதல் என்ற பொருளோடு, கையில் வைத்திருத்தல், குடியிருத்தல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. படையெடுத்து ஊரைப் பிடித்தவரையும் குறிக்கும், வாடகை வீட்டில் இருப்பவரையும் குறிக்கும். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்டதால் வந்த வினை இது. இதற்கு மேல் அந்தத் தொடரோடு வாதாட ஒன்றுமில்லை.

வாதாட வேண்டியது மற்ற இரண்டு சொற்களோடுதான். ஒன்று ‘உரிமையாளர் பொறுப்பு’, இன்னொன்று ‘அனுபோகதாரர் பொறுப்பு’. இரண்டும் பார்வைக்குச் சரியாகத் தெரிவதால்தான் ஆபத்து அதிகம். இந்தப் பொறுப்பை வகுக்கும் இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்குபையர் யார் என்று தானே வரையறுக்கவில்லை. பழைய வழக்குச் சட்டத்தில் யார் ஆக்குபையரோ அவரே இங்கும் ஆக்குபையர் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பவர் சட்டத்தைப் படித்தால் மட்டும் போதாது, தீர்ப்புகளுக்குப் போக வேண்டும். முக்கியமாக ஒரு தீர்ப்புக்கு.

1958இல் கிரேட் யார்மவுத் ஊரில் நடந்தது. அங்கே ஒரு மதுவிடுதி. கட்டடம் லேக்கன் என்ற மது ஆலை நிறுவனத்துக்குச் சொந்தம். கீழ்த்தளத்தில் வியாபாரம், மாடியில் மேலாளர் குடும்பத்தின் குடியிருப்பு. மேலாளர் வாடகைக்காரர் அல்லர், நிறுவனத்தின் ஊழியர். வேலை ஒப்பந்தத்தின்படி மாடியில் தங்கிக்கொள்ள அவருக்கு அனுமதி இருந்தது, அவ்வளவுதான். பழுது பார்க்க உள்ளே வரும் உரிமையை நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை. மேலாளரின் மனைவி கோடைக்காலத்தில் கட்டண விருந்தினர்களை மாடியில் தங்கவைத்துத் தன் கணக்கில் சம்பாதிக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. அப்படித் தங்கியிருந்த விருந்தினர்களில் ஒருவர்தான் வீட் என்பவர். இரவில் பின்பக்க மாடிப்படியில் இறங்கும்போது விழுந்து இறந்துபோனார். அந்தப் படியின் கைப்பிடிக் கம்பி அடிவரை வராமல், கீழே சில படிகள் இருக்கும்போதே முடிந்துவிட்டது. மேலே இருந்த விளக்கில் பல்ப் இல்லை.

யார் பதில் சொல்வது? கட்டடத்தின் சொந்தக்காரரா, மாடியில் குடியிருந்த மேலாளரா, விருந்தினரைத் தங்கவைத்துப் பணம் வாங்கிய மனைவியா? வீட் எதிர் லேக்கன் என்ற இந்த வழக்கு 1966இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை வரைக்கும் போனது. அங்கே சொன்னது இதுதான்: ஓர் இடத்தின் மேல் ஒருவருக்குப் போதுமான கட்டுப்பாடு இருக்கிறது, அவர் கவனக்குறைவாக இருந்தால் அங்கே வருகிறவருக்கு அடிபடலாம் என்ற நிலை இருக்கிறது என்றால், அவர் ஆக்குபையர். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை, முழுக் கட்டுப்பாடும் அவரிடமே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஆக்குபையராக இருக்கலாம். அந்த மாடிக்கு நிறுவனமும் ஆக்குபையர், மேலாளர் தரப்பும் ஆக்குபையர்.

இப்போது ‘உரிமையாளர் பொறுப்பு’ என்ற தமிழை இதன் மேல் வைத்துப் பாருங்கள். மேலாளர் தரப்பு வெளியே போய்விடுகிறது. வழக்கில் பாதி காணாமல் போகிறது. வீட்டை முழுசாக வாடகைக்கு விட்டுவிட்டால், வழக்கமாக வாடகைக்காரரே ஆக்குபையர், உரிமையாளர் அல்லர். அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடுகளை மட்டும் வாடகைக்கு விட்டு, பொதுப் படிக்கட்டைத் தன் கையில் வைத்திருந்தால், வீட்டுக்குள் வாடகைக்காரர், படிக்கட்டில் உரிமையாளர். ஒரே கட்டடத்தில் நாலு அடி நகர்ந்தால் ஆள் மாறுகிறார். இந்த மாற்றத்தைச் சொல்லத்தானே இந்தச் சொல்லே இருக்கிறது? இன்னொன்றும் உண்டு. பழுது பார்க்கும் கடமை வீட்டு உரிமையாளருக்கு இருந்து அதை அவர் செய்யாமல் விட்டால், அதற்கென்று இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டின் வேறு சட்டம் இருக்கிறது. அது உண்மையிலேயே உரிமையாளரின் பொறுப்பு. முதலாவதற்கே அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் இதற்கு என்ன பெயர் வைப்பது?

அடுத்து அனுபோகதாரர். நிலத்தாவாக்களில் ஊறிப்போன சொல், ஆகவே சட்டம் தெரிந்தவர்களே இதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆக்கிரமிப்பாளருக்கு இது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் அனுபோகம் என்பது பயனைத் துய்ப்பதைப் பற்றிய சொல். நிலத்தில் விளைந்ததை யார் எடுத்துக்கொள்கிறார், வீட்டில் யார் இருந்து சுகப்படுகிறார் என்ற கேள்விக்கு அது பதில். இந்தச் சட்டத்தின் கேள்வி வேறு: பல்பை மாற்ற வேண்டியவர் யார்? அந்த மாடியை அனுபவித்தவர்களில் விருந்தினரான வீட் என்பவரும் ஒருவர். பணம் கொடுத்துத் தங்கியிருந்தார். அவரைப் போய் அனுபோகதாரர் என்று சொன்னால், அடிபட்டவரே பொறுப்பாளி ஆகிவிடுவார். எதிர்ப்பக்கம் பாருங்கள்: மது ஆலை நிறுவனம் அந்த மாடியில் ஒரு நாளும் தங்கி அனுபவித்ததில்லை, இருந்தும் அது ஆக்குபையர். துய்ப்பவர் யார் என்று தேடினால் தவறான ஆளிடம் போய் நிற்போம்.

துய்ப்பை விட்டுவிட்டுக் கட்டுப்பாட்டைச் சட்டம் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆபத்தைத் தெரிந்துகொள்ளவும் நீக்கவும் முடிகிறவர் கட்டுப்பாடு உள்ளவர்தான். 1976ஆம் ஆண்டு வழக்கறிக்கைகளில் பதிவான லிவர்பூல் பல்பொருள் அங்காடி வழக்கில், தரையில் சிந்திக் கிடந்த தயிரில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். தயிர் எப்போது சிந்தியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்ல முடியும்? பொருள் வாங்க வந்தவர் தரையையா காவல் காப்பார்? மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனபோது ஆரஞ்சுச் சாறு சிந்திக் கிடந்ததையும், கால் மணி நேரமாக யாரும் துடைக்காததையும் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். தரை நாளைக்கு ஐந்தாறு முறை பெருக்கப்படுகிறது, சிந்தியதைக் கண்டால் உடனே நின்று ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது ஊழியர்களுக்கு உத்தரவு என்றது கடை. ஆனால் கடைசியாக எப்போது பெருக்கினார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லை. தரை கடையின் கையில் இருக்கும்போது விளக்கம் தரவேண்டியதும் கடைதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு 137 பவுண்டு 50 பென்ஸ் கிடைத்தது.

சரி, அப்படியானால் என்ன சொல் வேண்டும்? கட்டுப்பாட்டைச் சொல்லும் வினை நம்மிடமே இருக்கிறது: ஆள். நாட்டை ஆள்வதற்கு மட்டும் உரிய சொல் என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை. கருவியைக் கையாள்கிறோம், சொல்லை எடுத்தாள்கிறோம். பத்திரம் எழுதுகிறவர்கள் ‘ஆண்டு அனுபவித்து’ என்று எழுதுவதைக் கவனியுங்கள். ஆளுதல் ஒன்று, அனுபவித்தல் இன்னொன்று என்று அந்தத் தொடரே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. அனுபோகதாரர் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. நமக்கு வேண்டியது முதலாவது. எனவே என் பரிந்துரை இடமாள்வோர். ‘ஆள்வோர் என்றால் அரசு என்று நினைக்க மாட்டார்களா’ என்று கேட்கலாம். தனியாக வந்தால் நினைக்கலாம். முன்னால் இடம் என்று வந்துவிட்ட பிறகு அந்தக் குழப்பத்துக்கு வழியில்லை. இடப்பொறுப்பாளர் என்றும் ஒருவர் சொன்னார். நல்ல சொல்தான், ஆனால் ‘இடப்பொறுப்பாளர் பொறுப்பு’ என்று எழுதிப் பாருங்கள், தொடர் தன்னைத்தானே சுற்றுகிறது.

பின்பாதிக்குப் பொறுப்பு என்பதே போதும், கடப்பாடு வேண்டாம். கடப்பாடு என்பது கடமை. சட்டம் முதலில் இடமாள்வோருக்கு ஒரு கடமையை வைக்கிறது: வந்த வேலையின் பொருட்டு அந்த இடத்தைப் பயன்படுத்துகிறவர் நியாயமான அளவு பாதுகாப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அதை மீறினால்தான் பொறுப்பு. வீட் வழக்கில் கடமை இருந்தது, பொறுப்பு வரவில்லை. கம்பி குட்டையாக இருந்தாலும் வெளிச்சம் இருந்தால் அந்தப் படி ஆபத்தானதல்ல, பல்பை யாரோ வெளியாள் கழற்றியிருக்கக்கூடும், அதற்கு இவர்கள் பொறுப்பல்லர் என்று தீர்ப்பானது. வழக்குப் போட்ட, இறந்தவரின் மனைவி தோற்றார். கடப்பாடு என்று எழுதினால் கடமை, பொறுப்பு என்ற இந்த இரண்டு நிலைகளும் ஒன்றாகக் கலந்துவிடும்.

இந்தப் பொறுப்பை விளக்கும் தமிழ்ப் பக்கங்களில் இன்னும் இரண்டு சொற்கள் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். இடத்துக்கு வருகிறவரைப் ‘பார்வையாளர்’ என்று எழுதுகிறார்கள். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் எதைப் பார்வையிட வந்தார்? வருவோர் என்றால் போதாதா? அதைவிட மோசம், 1957க்கு முந்தைய பழைய பிரிவுகளைச் சொல்லும்போது ‘உரிமம் பெற்றவர்’ என்று எழுதுவது. அந்தக் காலத்தில் வருவோரை இரண்டாகப் பிரித்தார்கள். இடமாள்வோருக்கும் ஆதாயம் இருக்கிற வேலையாக வந்தவர் ஒரு வகை, கடைக்கு வரும் வாடிக்கையாளர் போல. சும்மா அனுமதியோடு வந்தவர் இன்னொரு வகை, வீட்டு விருந்தாளி போல. முதல் வகையினருக்குக் கூடுதல் பாதுகாப்பு. 1957ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பிரிவை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே கடமை என்றது. அந்த இரண்டாம் வகையினர்தான் ‘உரிமம் பெற்றவர்’ ஆகிவிட்டார்கள்! உரிமம் என்றால் தமிழில் ஓட்டுநர் உரிமம், கடை உரிமம், கையில் ஒரு தாள். விருந்தாளி எந்த அலுவலகத்தில் விண்ணப்பித்தார்? அனுமதியோடு வந்தவர் என்று எழுத எவ்வளவு நேரமாகும்? ஒரு சொல்லைத் தமிழில் எழுதிய பிறகு, அந்த வாக்கியத்தை ஒரு முறை வாய்விட்டுப் படித்து, இது யாரைச் சொல்கிறது என்று தன்னையே கேட்டுக்கொள்ளாத மொழிபெயர்ப்பு எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அடிபட்டவர் ஒருவர் தன் நிலைமையைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பக்கங்களைத் திறக்கிறார்.

கடைசியாக எழுதும் முறை பற்றி ஒன்று. தலைப்பில் எப்போதும் பன்மையாக ‘இடமாள்வோர் பொறுப்பு’ என்றே எழுதுங்கள். ஆங்கிலச் சட்டத்தின் பெயரும் பன்மைதான். ஒரு குறிப்பிட்ட ஆளைச் சொல்லும்போது மட்டும் ‘இடமாள்பவர்’ போதும். அப்போதும் அந்த இடத்துக்கு இன்னொரு இடமாள்பவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.