வயதான பூனையின் நகம் உள்ளங்காலில் குத்துவது ஏன்?

"பன்னிரண்டு வயதுப் பூனை நொண்டுகிறது. பார்த்தால் அதன் நகமே சதைக்குள் ஏறியிருக்கிறது. எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பூனை நகத்தை வேலை செய்து உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. நகம் விரலின் கடைசி எலும்போடு சேர்ந்தே வளர்கிறது. அந்த எலும்பை மேற்புறமுள்ள மீள்நார்கள் எப்போதும் பின்னோக்கி மடக்கிப் பிடித்திருக்கின்றன. அது மடங்கிப் படுக்க இடம் வேண்டுமே. அதற்காகவே அடுத்த எலும்பு ஒரு பக்கம் குடைந்தாற்போல் இருக்கிறது. எனவே நகம் உள்ளே இருக்கப் பூனை எந்த முயற்சியும் செய்வதில்லை, தூங்கும்போதும் அப்படித்தான். வெளியே நீட்டத்தான் தசை வேலை செய்ய வேண்டும். முன்கைத் தசை சுருங்கும்போது, கடைசி எலும்பின் அடியில் பொருந்திய தசைநாண் அதைக் கீழ்நோக்கி இழுக்கும். நகம் முன்னே பாயும். (நகத்தை நிரந்தரமாக நீக்கும் அறுவை என்பது இந்தக் கடைசி எலும்பையே வெட்டியெடுப்பது. மெத்தையைக் காப்பாற்ற அதைச் செய்வது கொடுமை என்பேன்.)

நகம், ஒன்றுக்குள் ஒன்று செருகிய காகிதக் கூம்புகளைப் போல, கெரட்டின் அடுக்குகளால் ஆனது. பூனை மரத்தைப் பிறாண்டும்போது தேய்ந்த வெளிக்கூடு கழன்று விழும், அடியில் கூரான புதிய நகம் இருக்கும். பின்கால் நகக்கூடுகளைப் பெரும்பாலும் பல்லால் கடித்தே கழற்றிக்கொள்ளும்.

வயதானால் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மூட்டு தேய்ந்த பூனைக்கு உடலை நீட்டிப் பிறாண்டுவது வலிக்கும், அதனால் விட்டுவிடும். வளர்ச்சியோ நிற்பதில்லை. பழைய கூடுகள் மேலுக்கு மேல் சேர்ந்து நகம் தடிக்கிறது. நகம் இயல்பிலேயே வளைந்தது. நுனி கழலாமல் நீண்டால் அதே வளைவில் சுற்றிவந்து, பாதத்தின் மெத்தைச் சதையைத் தொட்டு, துளைத்துவிடும். முன்காலின் உட்புறத்தில் உயரத்தில் இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் படுவதே இல்லை, தேயவும் வழியில்லை. அதனால் முதலில் மாட்டுவது பெரும்பாலும் அதுதான்.

தரையில் 'டக் டக்' சத்தம், துணியில் நகம் மாட்டிக்கொள்வது, ஒரே பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, துர்நாற்றம் ஆகியவை அடையாளங்கள். நுனி சதைக்குள் போயிருந்தால் மருத்துவரிடமே காட்டுங்கள். அவர் வளைவை வெட்டி, நுனியை வந்த வழியே உருவி, புண்ணைக் கழுவுவார். வலி மிகுந்தால் மயக்கம் தேவைப்படலாம். சீழ் இருந்தால் மருந்தும் உண்டு.

அந்த நிலைக்கு வருமுன் வீட்டிலேயே வெட்டலாம். விரலை மேலிருந்தும் கீழிருந்தும் மெதுவாக அழுத்தினால் நகம் வெளிவரும். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியில் ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கின்றன. அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னே, கூர்மையான நகவெட்டியால் நுனியை மட்டும் வெட்டுங்கள். நகம் கருத்தோ தடித்தோ உட்பகுதி தெரியாவிட்டால் சிறிது சிறிதாகவே வெட்ட வேண்டும். ரத்தம் வந்தால் சோள மாவை வைத்துச் சில நிமிடம் அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கட்டைவிரலில் தொடங்கி எல்லா நகங்களையும் பார்த்துவிடுங்கள். நகங்கள் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்து, பூனை நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போனால், தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.