‘யாராவது போயிருப்பாங்க’: ஐந்து பேர் கேட்டும் ஒருவர் எழ ஏன் தாமதமாகிறது

நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சிறிய அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். கல்லூரி வாழ்க்கையின் சிக்கல்களைப் பற்றி மற்ற மாணவர்களோடு பேச வேண்டும் என்று சொல்லி அவரை அழைத்திருக்கிறார்கள். கூச்சமில்லாமல் பேசுவதற்காக ஆளுக்கு ஓர் அறை. ஒருவரின் மைக் இரண்டு நிமிடம் இயங்கும், அந்த நேரத்தில் மற்றவர்களின் மைக் இயங்காது. முதல் சுற்றில் ஒரு மாணவர், படிப்பு நெருக்கும்போது தனக்கு வலிப்பு வருவதுண்டு என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார். இரண்டாம் சுற்றில் அவர் பேச்சு குழறுகிறது. மூச்சுத் திணறுகிறது, உதவி கேட்கிறார், பிறகு சத்தமே இல்லை.

வலிப்பு வந்தவரின் குரல் முன்பே பதிவு செய்யப்பட்டது. ‘மற்ற மாணவர்கள்’ குரலும் பதிவுதான். அறையில் இருந்த ஒரே ஒரு ஆள்தான் உண்மையில் சோதனைக்கு உட்பட்டவர். ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட இந்தச் சோதனையில் அளந்தது ஒன்றே ஒன்றுதான்: வலிப்பு தொடங்கியதிலிருந்து அவர் எழுந்து வெளியே வர எத்தனை நொடி ஆகிறது?

தானும் வலிப்பு வந்தவரும் மட்டுமே இருப்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்துவிட்டார்கள். கேட்பவர் இன்னொருவரும் இருக்கிறார் என்று நம்பியவர்களில் அது 62 சதவீதம். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் வெறும் 31 சதவீதம். சராசரி நேரமும் 52 நொடியிலிருந்து 93, பிறகு 166 நொடி என்று நீண்டது.

எழாதவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். ஆறு நிமிடம் கழித்து ஆய்வாளர் உள்ளே போனபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. “அவருக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றுதான் கேட்டார்கள். போகவேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. போவதா வேண்டாமா என்ற முடிவையே எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். தனியாக இருந்தவருக்கு இந்த இழுபறி இல்லை. தான் போகாவிட்டால் யாரும் போகமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஐவரில் ஒருவராக இருப்பவருக்கோ, இந்நேரம் யாராவது போயிருப்பார்கள், நானும் ஓடிப்போய் நின்றால் அசட்டுத்தனமாக இருக்குமோ என்று ஓர் எண்ணம் குறுக்கே நிற்கிறது. பழி வந்தாலும் ஐந்தில் ஒரு பங்குதான். இதைத்தான் உளவியலில் பொறுப்புச் சிதறல் என்கிறார்கள்.

இந்த எண்களைச் சொல்லிவிட்டு ‘ஆகவே கூட்டத்தில் விழுந்தால் கதி இல்லை’ என்று முடிப்பவர்கள் அதிகம். கொஞ்சம் பெருக்கிப் பார்த்தால் வேறு விடை வருகிறது. 31 சதவீதம் என்பது ஒரு தனி ஆள் எழும் வாய்ப்பு. விழுந்து கிடப்பவருக்கு ஐந்து பேரில் யாராவது ஒருவர் வந்தால் போதும். ஒருவரும் வராமலிருக்க, ஓர் ஆள் எழாமலிருக்கும் வாய்ப்பான 0.69ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், 0.16 வருகிறது. அதாவது யாராவது ஒருவர் வரும் வாய்ப்பு 84 சதவீதம். கேட்பவர் இரண்டு பேர் என்றால் 0.38ஐ இரண்டு முறை பெருக்கி, ஒன்றிலிருந்து கழிக்க 86. தனி ஆள் என்றால் 85. மூன்றும் ஏறக்குறைய ஒன்றே! ஒவ்வொருவரின் பங்கு குறைந்தது, ஆனால் தலை எண்ணிக்கை அதை ஈடுகட்டிவிட்டது.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: ஒருவர் செய்வது இன்னொருவரைப் பாதிக்கக் கூடாது. தனித்தனி அறைகளில் அது சரி. ஒருவரை ஒருவர் பார்க்கும்படி உட்கார வைத்தால்?

அதையும் டார்லியும் லட்டானேயுமே சோதித்து அதே ஆண்டில் வெளியிட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் ஓர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது, சுவரிலுள்ள சிறு திறப்பு வழியே புகை வர ஆரம்பிக்கும். தனியாக இருந்த 24 பேரில் 18 பேர், அதாவது 75 சதவீதம், வெளியே போய்ச் சொன்னார்கள். ஒன்றும் அறியாத மூன்று பேரைச் சேர்த்து உட்கார வைத்தபோது, மேலே போட்ட அதே கணக்கின்படி 98 சதவீதக் குழுக்களில் யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். எட்டுக் குழுக்களில் மூன்றில்தான் சொன்னார்கள். எதுவும் நடக்காததுபோல் இருக்கச் சொல்லிவைத்த இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்த பத்துப் பேரில் ஒரே ஒருவர் சொன்னார். மற்ற ஒன்பது பேரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விலக்கிக்கொண்டே படிவத்தை நிரப்பினார்கள்.

இங்கே வேலை செய்வது பொறுப்புச் சிதறல் மட்டுமல்ல. இது தீதானா என்று தெரியாத நிலையில் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார். பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் அவரும் இவரைப் பார்க்கிறார். இரண்டு பேரும் ‘அவர் சும்மாதானே இருக்கிறார்’ என்ற ஒரே முடிவுக்கு வருகிறார்கள். புகையைச் சொல்லாதவர்கள் பின்னால் கொடுத்த விளக்கங்களில் நீராவியும் உண்டு, ஏ.சி.யிலிருந்து வரும் ஆவியும் உண்டு. உதவி கிடைக்காமலே போகச் செய்வது பெரும்பாலும் இந்தக் கூட்டு மயக்கம்தான் என்பது என் கணிப்பு.

நடப்பது என்ன என்பதில் குழப்பமே இல்லையென்றால் இந்த மயக்கம் உடைந்துவிடும். 2020இல் வெளியான ஓர் ஆய்வு ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் நகரத் தெருக்களில் நடந்த 219 சண்டைகளின் கேமரா பதிவுகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது தலையிட்டார். ஆட்கள் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடியது. இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் தூண்டுதலாக இருந்த 1964ஆம் ஆண்டு நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொலை செய்யப்பட்டதைப் பற்றிய செய்தியே, அதாவது 38 பேர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதே, மிகைப்படுத்தப்பட்டது. பலர் சத்தத்தைத்தான் கேட்டார்கள். அவர்மீது நடந்த இரண்டு தாக்குதல்களில் இரண்டாவது கட்டடத்துக்குள், தெருவிலிருந்து பார்வை படாத இடத்தில் நடந்தது. அந்தச் செய்தியை வெளியிட்ட பத்திரிகையே 2016இல் பிழையை ஒப்புக்கொண்டது.

நம் சாலை விபத்துகளில் மக்கள் தயங்குவதற்கெல்லாம் இதையே காரணமாக்கவும் முடியாது. போலீஸ், கோர்ட் அலைச்சல் பற்றிய பயம் தனி. நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்க 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தது அதற்காகத்தான்.

விபத்து இடத்தில் செய்ய வேண்டியது கூட்டு மயக்கம், பொறுப்புச் சிதறல் என்ற இரண்டு முடிச்சுகளையும் தனித்தனியாக அவிழ்ப்பது. மயக்கத்துக்கு மருந்து, நடப்பதை உரக்கப் பெயரிட்டுச் சொல்வது: “இவருக்கு மூச்சு இல்ல, ஆம்புலன்ஸ் வேணும்.” அதன்பின் கூட்டத்தில் யாரும் ‘தூங்குறாரோ, குடிச்சிருக்காரோ’ என்று யோசிக்க இடமில்லை. சிதறலுக்கு மருந்து, ஓர் ஆளைப் பொறுக்கி எடுப்பது. 1975இல் வெளியான ஒரு கடற்கரைச் சோதனையில், போர்வைமேல் கிடந்த ரேடியோவை ‘திருடன்’ எடுத்துப் போனபோது, “இதைக் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று முன்பே சொல்லப்பட்ட 20 பேரில் 19 பேர் தடுத்தார்கள். அப்படிச் சொல்லப்படாத 20 பேரில் 4 பேர்தான் தடுத்தார்கள்.

எனவே “யாராவது 108க்குப் போன் பண்ணுங்க” என்று பொதுவாகக் கத்துவது சிதறலை அப்படியே விட்டுவைக்கும். கண்ணைப் பார்த்து, கையை நீட்டி, “நீலச் சட்டை அண்ணா, நீங்க 108க்குப் போடுங்க, ஸ்பீக்கர்ல வச்சு இங்கயே நில்லுங்க” என்று சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: அவர் தள்ளிப் போய்ப் பேசினால், அழைப்பு உண்மையில் போனதா என்று தெரியாமல் சுற்றி நிற்பவர்கள் மறுபடியும் ‘போயிருக்கும்’ என்று நினைத்துக்கொள்வார்கள்.