பூ நிறைய, பிஞ்சு இல்லை: மாம்பூங்கொத்துப் படத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

தை பிறந்து மாசி முடிவதற்குள், மாந்தோப்பு வைத்திருப்பவர்களின் போனில் ஒரே மாதிரியான படங்கள் சுற்றிவரும். ஒரு பூங்கொத்து, அதில் பிஞ்சு இல்லை, கீழே ஒரு கேள்வி: “இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?” உற்றுப் பார்த்தால் அந்தப் படங்கள் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் பூச்சி சாறு உறிஞ்சியிருக்கும். இன்னொன்றில் கொத்தே உருக்குலைந்திருக்கும். மூன்றாவதில் நோய், பூச்சி எதுவுமே இருக்காது, ஆனால் காயும் இருக்காது. மூன்றாவது வகைக்குப் பல தோட்டங்களில் அந்த “மருந்து அடித்ததே” காரணம் என்பதுதான் வேடிக்கை.

முதலில் நல்ல கொத்து எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாம்பூங்கொத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் பூக்கள் வரை இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஆண் பூக்கள். மீதிதான் ஆண் பெண் இரண்டு உறுப்பும் கொண்ட இருபால் பூக்கள். போன் கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோனால் வித்தியாசம் தெரியும். இருபால் பூவின் நடுவில் மஞ்சள் கலந்த பச்சையில் சின்ன உருண்டை ஒன்று இருக்கும். அதுதான் சூலகம். ஆண் பூவில் அது இருக்காது. ஆண் பூக்கள் மகரந்தம் கொடுத்துவிட்டு உதிர்வது இயல்பு. இருபால் பூக்களிலும் மிகச் சிலதான் காயாக நிற்கும். ஒரு கொத்தில் ஒன்றிரண்டு காய் அறுவடை வரை நின்றாலே அது நன்றாகக் காய்த்த கொத்து. ஆகவே பூக்கள் கொட்டிப்போய்க் காம்புகள் சுத்தமாக நிற்கும் படத்தை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

தத்துப்பூச்சி வேலை செய்த கொத்து அப்படிச் சுத்தமாக இருக்காது. நம் மாந்தோப்புகளில் இடியோஸ்கோபஸ் வகைகளும் அம்ரிடோடஸ் வகையும்தான் முக்கியமானவை. ஆப்பு வடிவில் நாலைந்து மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஆள் கிட்டே போனால் பக்கவாட்டில் நகர்ந்து காம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதனால் படத்தில் பூச்சியே விழாமல் போகலாம். பூச்சியைத் தேடுவதைவிட அது விட்டுச்சென்ற தடயத்தைத் தேடுவது நல்லது. தாய்ப்பூச்சி மொட்டுக்குள்ளும் இளங்காம்புக்குள்ளும் முட்டையைச் செருகிவிடும். ஒரு வாரத்துக்குள் குஞ்சு வெளிவந்து சாறு உறிஞ்சத் தொடங்கும். மொட்டுகள் விரியாமலே பழுப்பாகிச் சுருங்கும். உறிஞ்சிய சாற்றில் மிஞ்சும் சர்க்கரையைப் பூச்சி தேன்போல் கழிக்கும். அது கொத்தின் மேலும் கீழே உள்ள இலைகளின் மேலும் விழுந்து பளபளக்கும். கொஞ்ச நாளில் அந்தப் பிசுக்கின் மேல் கரும்பூஞ்சணம் படரும். அதனால் கொத்தை மட்டும் படமெடுக்காமல், அதற்குக் கீழே உள்ள இலையின் மேற்பரப்பையும் எடுக்க வேண்டும். இலை கறுத்து, விரலால் தேய்த்தால் கறுப்பு கையோடு வந்துவிட்டால் சாறு உறிஞ்சும் பூச்சி என்பது ஏறக்குறைய உறுதி.

இங்கே ஒரு குழப்பம் வரும். தத்துப்பூச்சியின் குஞ்சுகள் வளரும்போது கழற்றிப்போடும் தோல்கள் வெள்ளையாகக் காம்பில் ஒட்டிக்கிடக்கும். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இதைச் சாம்பல் நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. சாம்பல் நோய் மாவு தூவியதுபோல் பூவையும் காம்பையும் முழுதாக மூடும். தோல்கள் தனித்தனித் துணுக்குகளாகத் தெரியும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் கேட்கும், பூச்சிக்கு அது கேட்காது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு நிமிஷம் ஒதுக்கினால் ஒரு தெளிப்புச் செலவு மிச்சம்.

அடுத்தது உருக்குலைவு. இதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கொத்தின் நடுத்தண்டு நீளாமல் குட்டையாகித் தடித்துவிடும். கிளைகள் மேலும் மேலும் கிளைத்து நெருக்கமாகி, காலிஃபிளவர் பூப்போல ஒரு பந்தாகிவிடும். பூக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் பச்சையாகவும் இருக்கும். பெரும்பாலும் ஆண் பூக்கள்தான். இருபால் பூ இருந்தாலும் சூலகம் வேலை செய்யாது. தத்துப்பூச்சி தாக்கிய கொத்து மெலிந்து காய்ந்து உதிரும். இது கொழுத்து, உதிராமல் மரத்திலேயே காய்ந்து, மாதக்கணக்கில் கறுத்த உருண்டையாகத் தொங்கும். ஆடியில் மரத்தைப் படமெடுத்தாலும் மாசியில் என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கோளாறு முதலில் பதிவானது பீகாரின் தர்பங்காவில், 1891-இல். அதன்பின் பல பத்தாண்டுகள் காரணம் பிடிபடவில்லை. வைரஸ் என்றார்கள், சத்துக்குறை என்றார்கள், மொட்டுச் சிலந்தி என்றார்கள். 1966-இல் இந்திய ஆய்வாளர்கள் ஃபுசேரியம் பூஞ்சணத்தை நோக்கிக் கை காட்டினார்கள். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை, ஏனென்றால் ஃபுசேரியம் நல்ல மரங்களிலும் கிடைக்கும். 1999-இல் இஸ்ரேலில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். பூஞ்சணத்துக்குள் ஓர் அடையாள மரபணுவைப் புகுத்தினார்கள். அந்தப் பூஞ்சணம் எங்கே இருந்தாலும், ஒரு வேதிப்பொருளைச் சேர்த்ததும் அந்த இடம் நீலமாகிவிடும். அதை மொட்டுகளில் செலுத்தி, பின்னால் உருக்குலைந்து வந்த கொத்துகளைச் சோதித்தார்கள். நீலம் தெரிந்தது. தாங்கள் செலுத்திய அதே பூஞ்சணம்தான் காரணம் என்று காட்ட முடிந்தது. 2002-இல் அதற்கு ஃபுசேரியம் மேங்கிஃபெரே என்று தனிப் பெயர் கிடைத்தது. மொட்டுச் சிலந்தியும் முழுக்க நிரபராதி இல்லை. அது நோயை உண்டாக்குவதில்லை, ஆனால் பூஞ்சண வித்துகளை உடம்பில் சுமந்து மொட்டுக்குள் கொண்டுபோகும். கண்ணுக்கே தெரியாத அளவு என்பதால் அது எந்த போன் படத்திலும் விழாது.

பூக்கும் பருவத்தில் குளிர் அதிகமுள்ள வட இந்தியாவில் இந்த நோய் கடுமை. தெற்கே குறைவு. அதனால் கிருஷ்ணகிரியிலோ திண்டுக்கல்லிலோ ஒரு இளம் மரத்தில் இது தெரிந்தால், ஒட்டுச்செடி எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பேன். நோயுள்ள மரத்தில் எடுத்த ஒட்டுக்குச்சியோடு இது பயணம் செய்யும். மருந்தால் குணமாக்கும் வழி இல்லை. கொத்துக்குக் கீழே நன்றாக இருக்கும் கிளையிலும் ஒரு சாண் சேர்த்து வெட்டி எரிப்பதும், வெட்டிய கத்தியைச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதும்தான் உருப்படியான வேலை. காய்ந்த உருண்டைதானே என்று மரத்தில் விட்டால் அடுத்த பருவத்துக்கு வித்து அங்கிருந்தே பரவும்.

இனி மூன்றாவது வகை. பர்கூர் பக்கத்தில் ஒரு பெங்களூரா தோப்பின் படங்களை எடுத்துக்கொள்வோம். ஜனவரி கடைசியில் எடுத்த படத்தில் கொத்து நீண்டு வருகிறது, மொட்டு விரியவில்லை, காம்பில் ஒன்றிரண்டு தத்துப்பூச்சி. பிப்ரவரி நடுவில் எடுத்ததில் மரம் முழுக்கப் பூ. பிசுக்கு இல்லை, மாவு இல்லை, உருக்குலைவு இல்லை. பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். மார்ச் தொடக்கப் படத்தில் கொத்தின் நுனியில் மட்டும் பத்துப் பதினைந்து பிஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் பட்டாணி அளவு, கரும்பச்சை, வழக்கத்தைவிட வளைந்த முனை. மார்ச் கடைசியில் அவையும் உதிர்ந்து வெறும் காம்பு.

மூன்றாவது படம்தான் விஷயத்தைச் சொல்கிறது. உத்தரப்பிரதேசத்தில் இதை ஜும்கா என்பார்கள். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காதபோது பிஞ்சு உருவாகும், ஆனால் உள்ளே கரு வளராது. கோலிக்குண்டு அளவு வருவதற்குள் வளர்ச்சி நின்றுவிடும். அப்படி ஒரு பிஞ்சை நீளவாக்கில் வெட்டிப் படமெடுத்தால் உள்ளே விதை சுருங்கிப் பழுப்பாகியிருப்பது தெரியும்.

சேர்க்கை ஏன் நடக்கவில்லை? மாம்பூவில் பெரும்பாலும் ஒரே ஒரு கேசரத்தில்தான் மகரந்தம் இருக்கும். அதைச் சூல்முடிக்குக் கொண்டுபோவது ஈக்கள், கொசுத்தேனீ, குளவி, சின்ன வண்டுகள். குறிப்பாக ஈக்கள். அந்தத் தோப்பில் கொத்து வந்ததும் ஒரு தெளிப்பு, அது சரி. பூ விரிந்திருந்தபோது இன்னும் இரண்டு தெளிப்பு, “பூ கொட்டாமல் இருக்க”. பூச்சிக்கொல்லிக்குத் தத்துப்பூச்சி எது, ஈ எது என்று தெரியாது.

குளிரும் இதே வேலையைச் செய்யும் என்பதால் அவசரப்படக் கூடாது. இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் பழுதாகும், கரு கருகும். சந்தேகம் தீர்க்க ஒரு வழி உண்டு. பக்கத்துத் தோப்பில் அதே ரகத்தில் தெளிக்காத மரம் இருந்தால் அதையும் அதே வாரத்தில் படமெடுக்க வேண்டும். குளிர் என்றால் இரண்டு மரமும் பாதிக்கப்பட்டிருக்கும். தெளிக்காத மரத்தில் பிஞ்சு கொத்தெங்கும் பரவலாகப் பிடித்து, வெவ்வேறு அளவில் இருந்தால் குளிர் காரணம் இல்லை. பர்கூர் படங்களோடு வந்த பக்கத்துத் தோப்பு மரம் அப்படித்தான் இருந்தது. தசேரி, லங்கடா போன்ற ரகங்களில் இன்னொரு காரணமும் சேரும். தன் மகரந்தமே தனக்கு உதவாத ரகங்கள் அவை. லக்னோ பக்கம் மலிஹாபாத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தசேரியாகவே இருக்கும் தோப்புகளில், நடுவில் வேறு ரகம் இல்லாவிட்டால் ஈ வந்தாலும் பெரிய பயன் இல்லை.

பர்கூர் தோப்புக்கு அடுத்த பருவத்தில் வேலை குறைவுதான். கொத்து நீளும்போது, பூ விரிவதற்கு முன், கொத்துக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பார்க்க வேண்டும். நாலைந்து தத்துப்பூச்சிக்கு மேல் விழுந்தால் மட்டும் ஒரு தெளிப்பு. இமிடாக்குளோப்ரிட் 17.8 என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 0.3 மி.லி. போதும். பூ விரிந்திருக்கும் நாட்களில் கைத்தெளிப்பானைத் தொடவே வேண்டாம். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் மறுபடி தட்டிப் பார்த்து, தேவையென்றால் இரண்டாவது தெளிப்பு. தைவானில் பூக்கும் நாட்களில் மீன் கழிவை மரத்தடியில் போட்டு ஈக்களை வரவழைப்பார்கள். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் இங்கேயும் நாலு மரத்தில் செய்து பார்க்கலாம். வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் வேண்டாம்.