தொட்டியோரத்துப் பலகை

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. பெயர் வேண்டாம். அங்கே கழிவுநீர் சுத்திகரிப்புப் பகுதியில் மாட்டியிருக்கும் பாதுகாப்பு அறிவிப்பைப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று சொல்லச் சொன்னார்கள். கழிவுநீர் முதலில் வந்து தேங்கும் பெரிய தொட்டியின் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே ஃப்ளெக்ஸில் அடித்த பலகை தொங்கியது. முப்பத்தெட்டு வரி, ஒரு படம்கூட இல்லை. மேலே சிவப்பில் ‘எச்சரிக்கை’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே எல்லாம் ஒரே அளவு எழுத்து.

பலகையைப் பற்றிப் பேசும் முன், தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு போடுவார்கள். சோடியம் சல்ஃபேட்டான கிளாபர் உப்பும் அதில் உண்டு. சல்ஃபேட் கரைந்த கழிவுநீர் தொட்டியில் தேங்கி, அடியில் சேறு படிகிறது. சேற்றுக்குள் ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்ஃபேட்டைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் தொட்டிக்குள்ளேயே தங்கும். சேற்றுக்குள் குமிழ்களாகவும் சிறைப்பட்டிருக்கும். மேலிருந்து வாயு அளக்கும் மீட்டரை இறக்கிப் பார்த்தால் அளவு குறைவாகக் காட்டலாம். ஒருவர் இறங்கிச் சேற்றில் கால் வைத்ததும் குமிழ்கள் உடைந்து வாயு குபுகுபுவென்று வெளியே வரும்.

இந்த வாயுவின் குணம்தான் விபத்தை உண்டாக்குகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் 100 பங்கைத் தொட்டதும், சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப் போய் நாற்றம் நின்றுவிடும். ‘வாடை போயிருச்சு, இறங்கலாம்’ என்று ஒருவர் சொல்வது அந்தக் கட்டத்தில்தான். 700-ஐத் தாண்டினால் சில மூச்சுகளிலேயே ஆள் சுருண்டு விழுவார். மேலே நிற்பவர் அதைப் பார்க்கிறார். என்ன ஏதென்று யோசிக்காமல் அவரும் இறங்குகிறார், அவரைத் தொடர்ந்து மூன்றாமவர். மூடிய இடங்களில் நடக்கும் மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையது என்று அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-இலேயே எச்சரித்தது.

ஆக, இந்தப் பலகைக்கு முக்கியமான வேலை ஒன்றே ஒன்று: இரண்டாவது ஆளை இறங்கவிடாமல் நிறுத்துவது. அதற்கு அவரிடம் இருப்பது சில நொடிகள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் முப்பத்தெட்டு வரியையும் படித்தேன்.

பதினோராவது வரி இப்படி இருந்தது: ‘தகுந்த சுவாசப் பாதுகாப்பு உபகரணங்கள், பாதுகாப்புப் பட்டை மற்றும் பொறுப்பு அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி இன்றி எவரும் தொட்டிக்குள் நுழைய அனுமதிக்கப்பட மாட்டார்கள்.’ இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் தமிழில் வினை கடைசியில் வருகிறது, ‘இல்லை’ என்பதும் அதன் வாலில்தான் ஒட்டியிருக்கிறது. இந்த வாக்கியத்தில் ‘மாட்டார்கள்’ வரும் வரைக்கும் இது தடையா அனுமதியா என்றே சொல்ல முடியாது. பதற்றத்தில் கண் பாதி வரியில் தாவினால், மனதில் தங்குவது ‘தொட்டிக்குள் நுழைய அனுமதி’. தமிழில் எழுதும் எச்சரிக்கைக்கு வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ‘உள்ளே இறங்காதீர்’ என்பதில் தடை இரண்டாவது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

எழுத்தின் அளவையும் பார்த்தேன். தொட்டியின் கைப்பிடிச் சுவரருகே நிற்பவருக்கும் பலகைக்கும் மூன்று மீட்டர் இடைவெளி. தூரத்தை 200-ஆல் வகுத்து எழுத்தின் உயரத்தை வைத்துக்கொள்வது ஒரு கைக்கணக்கு. மூன்று மீட்டருக்கு 15 மில்லிமீட்டர் வரும். பலகையில் இருந்தது ஆறு. அதுவும் தடித்த எழுத்து. தமிழில் தடித்த சிறிய எழுத்து ஃப்ளெக்ஸில் ஏறும்போது சுழிகள் அடைத்துக்கொள்ளும், ‘ண’வும் ‘ன’வும் ஒரே மைத்திட்டாகத் தெரியும். அழுத்திச் சொல்ல எண்ணித் தடிமனாக்குகிறார்கள், கடைசியில் படிக்கவே முடியாமல் போகிறது.

இதெல்லாம் சரிசெய்துவிடக் கூடிய குறைகள். என்னை உலுக்கியது இருபத்தேழாவது வரி. ‘வாயுவைச் சுவாசித்துப் பாதிக்கப்பட்டவரை உடனடியாகத் தூய காற்றுள்ள இடத்துக்கு அப்புறப்படுத்தவும்.’

இது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எந்த ரசாயனம் வாங்கினாலும் கூடவே வரும் பாதுகாப்புத் தகவல் தாளில், நான்காம் பகுதி முதலுதவி. சுவாசித்துவிட்டால் தூய காற்றுக்குக் கொண்டுபோங்கள் என்பது அங்கே வழக்கமாக இருக்கும் வரி. திறந்த கூடத்தில் ஒருவர் மயங்கினால் அது சரியான முதலுதவி. அதையே அப்படியே பெயர்த்துத் தொட்டியோரத்தில் மாட்டினால் அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் கிடப்பது தொட்டிக்குள். அவரை ‘உடனடியாக அப்புறப்படுத்த’ ஒரே வழி இறங்குவது. இரண்டாவது ஆளை நிறுத்த வேண்டிய பலகையே அவரை உள்ளே அனுப்புகிறது.

இதை யாராவது கவனித்தார்களா என்று பார்க்க, அங்கே வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் பேசினேன். ‘பலகை புரியுதுங்களா’ என்று கேட்பதில் பயன் இல்லை, எல்லோரும் ‘புரியுதுங்க’ என்றுதான் சொல்வார்கள். பலகையை மறைத்தபடி நின்று, ‘உள்ள ஒருத்தர் விழுந்து கிடக்கறாருங்கண்ணா, நீங்க மட்டும்தான் இங்க இருக்கீங்க. மொதல்ல என்ன பண்ணுவீங்க?’ என்றேன்.

‘எறங்கித் தூக்கோணும். வேற என்னங்க பண்றது, நம்ம ஆளு கெடக்கறப்ப?’

பதினோரு வருடமாக அதே பலகையைக் கடந்து போகிறவர். அவர் மேல் தப்பே இல்லை. பலகையும் அதைத்தானே சொல்கிறது.

அடுத்து ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞர். இறங்கிச் சேறு அள்ளுவது பெரும்பாலும் இவரைப் போன்றவர்கள்தான். தமிழ் பேசுவார், படிக்க வராது. அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். ஆனால் ஆலையில் பெரும்பான்மையினர் யார் என்பது வேறு, தொட்டிக்குள் இறங்குகிறவர் யார் என்பது வேறு.

படம் போட்டால் தீர்ந்துவிடும் என்று முதலாளி நினைத்தார். இணையத்திலிருந்து எடுத்த நான்கு படங்களை அச்செடுத்துக் கொடுத்தார். அவற்றில் ஒன்று நீல வட்டத்துக்குள் முகமூடி அணிந்த தலை. ஒடிசா இளைஞரிடம் காட்டினேன். ‘மாஸ்க் போடணும்’ என்றார். எந்த மாஸ்க் என்றதும் பாக்கெட்டிலிருந்து துணி மாஸ்க்கை எடுத்துக் காட்டினார். அந்தத் துணி ஹைட்ரஜன் சல்ஃபைடை ஒரு மூச்சுக்குக்கூடத் தடுக்காது. படம் புரியாமல் போனால் அவர் தயங்கி நிற்பார், அது பரவாயில்லை. இங்கே படம் தைரியம் கொடுத்து இறக்கிவிடுகிறது. அமெரிக்காவின் பாதுகாப்புச் சின்னங்களுக்கான தரநிலை இதற்காகவே இரண்டு எண்களை வைத்திருக்கிறது: சோதனையில் 85 சதவீதம் பேர் சரியாகச் சொல்ல வேண்டும், ஆபத்தான தலைகீழ்ப் பொருள் கொள்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது எண்தான் முக்கியம் என்பேன்.

பழகிய சின்னம் என்பதால் எல்லோருக்கும் புரியும் என்றும் இல்லை. கதிரியக்கத்துக்கான மூவிதழ்ச் சின்னம் தெரியாதவர்களுக்கு அது ஒன்றுமே உணர்த்துவதில்லை என்பதால், 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமையும் ஐஎஸ்ஓவும் மண்டையோடும் ஓடும் மனிதனும் சேர்ந்த கூடுதல் சின்னத்தைக் கொண்டுவந்தன. அதற்கு முன்பு 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிப் பார்த்தார்கள். நமக்குப் பட்டறையில் பத்துப் பேர் போதும். வரைந்து காட்டி, கேட்டு, திருத்தி, மறுபடியும் கேட்க வேண்டும்.

நான்கைந்து முறை வரைந்த பிறகு இப்படி நின்றது. பலகையின் மேல்பாதி முழுக்க ஒரே படம்: தொட்டிக்குள் ஒருவர் விழுந்து கிடக்கிறார், ஏணியில் இன்னொருவர் இறங்குகிறார், இறங்குகிறவர் மேல் மட்டும் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும். முதலில் கோட்டை விழுந்தவர் மேலும் சேர்த்துப் போட்டிருந்தோம். அதைப் பார்த்த ஒருவர், ‘உள்ள தூங்கக் கூடாதுங்களா?’ என்றார். கீழே பெரிய எழுத்தில், தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் நான்கு வரிகள்.

உள்ளே இறங்காதீர்.
1. கத்திக் கூப்பிடு.
2. வெளியே நின்றே கயிற்றால் தூக்கு.
3. 108-க்கு ஃபோன் செய். இந்த முகவரியைச் சொல்.

மேலே ‘இறங்காதீர்’, கீழே ‘கூப்பிடு’ என்று மரியாதை மாறுகிறதே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. ‘கூப்பிடவும், தூக்கவும்’ என்று மாற்றிப் பார்த்தோம். கேட்டவர்கள் அதை ‘கூப்பிடுவதும் தூக்குவதும்’ என்று பட்டியல் போலப் படித்தார்கள். அதனால் அப்படியே விட்டோம். முகவரி வரியில் ஆலையின் பெயரோடு சர்வே நம்பரும், எந்த கேட் வழியாக ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்பதும் இருக்கிறது. இரவு ஷிஃப்டில் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு இவை மனப்பாடமாக இருக்க வாய்ப்பில்லை.

மீதி முப்பத்துச் சொச்ச வரி? அவை வீண் இல்லை. அனுமதிச் சீட்டு, இறங்கும் முன் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் வாயுவை அளப்பது, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது, உள்ளே ஆள் இருக்கும் வரை மீட்டர் ஓடிக்கொண்டே இருப்பது எல்லாம் அவற்றில் இருந்தன. அவற்றைப் படிக்க வேண்டியவர் அனுமதி கொடுப்பவர், நேரம் வேலை தொடங்கும் முன். அந்தத் தாளை அவர் மேசைக்கு அனுப்பினோம்.

ஆனால் இரண்டாவது படியில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. இறங்குகிறவர் முழு உடல் பட்டை போட்டு, அதில் கயிறு மாட்டி, கயிறு தொட்டியின் மேல் நிற்கும் மூன்று கால் சட்டத்தின் வின்ச்சில், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவியில், சுற்றியிருந்தால்தான் வெளியே நின்று தூக்க முடியும். விழுந்த பிறகு கயிற்றைத் தேடுவது கதைக்கு ஆகாது. கயிறு மாட்டாமல் யாரும் இறங்க முடியாதபடி மூடிக்குப் பூட்டு போட வேண்டும். பலகையால் பூட்டின் வேலையைச் செய்ய முடியாது.

புதுப் பலகை மாட்டிய மறுவாரம் ஒடிசா இளைஞரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். தயங்காமல் சொன்னார்: ‘உள்ளே போக மாட்டேன். கத்துவேன். வின்ச் சுத்துவேன்.’ சரி, வின்ச் எங்கே என்றேன். ஸ்டோர் ரூமைக் காட்டினார். பூட்டியிருந்தது. சாவி ஸ்டோர்க்காரரிடம் இருக்கிறதாம், அவர் ராத்திரி ஷிஃப்டுக்கு வருவதில்லை.