வாஸ் என்று எழுதினால் காய்ச்சல் போய்விடுமா?

கடலூரில் ஆங்கில இலக்கணம் கற்பிக்கத் தொடங்கி 17 ஆண்டுகள் ஆகின்றன. காலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும், மாலையில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் இளைஞர்களும் வருகிறார்கள். இரு வகையினரும் தவறாமல் சறுக்குகிற இடம் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவதுதான். சென்ற மாதம் மாலை வகுப்பு மாணவி ஒருவர் தம் பணியிடத்தின் குறிப்பேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து வந்து காட்டினார். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்புப் பகுதியில் இரவுப் பணி பார்க்கிறார். ஒரு சனிக்கிழமை இரவு 11.40 மணிக்கு ஏழாம் எண் அறையில் தங்கியிருந்த பெண்மணி தொலைபேசியில், "ஐ ஆம் லீவிங் டுமாரோ. ஐ வில் நீட் எ டாக்ஸி அட் ஃபைவ் இன் தி ஈவினிங். ஐ ஹேவ் நாட் பெய்ட் த பில்" என்று சொல்லியிருக்கிறார். மாணவி மற்ற வேலைகளை முடித்துவிட்டு நள்ளிரவு 12.30 மணிக்கு, ஞாயிற்றுக்கிழமைத் தேதியிட்ட பக்கத்தில், "ரூம் செவன் கெஸ்ட் டோல்ட் தட் ஐ ஆம் லீவிங் டுமாரோ, ஐ வில் நீட் எ டாக்ஸி அட் ஃபைவ் இன் தி ஈவினிங், ஐ ஹேவ் நாட் பெய்ட் த பில்" என்று எழுதி வைத்தார். காலைப் பணிக்கு வந்தவர் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் "டுமாரோ" என்பதைக் கண்டு, திங்கட்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அந்தப் பெண்மணி பெட்டியோடு வாசலில் நிற்கிறார், வண்டி இல்லை. போதாக்குறைக்கு மேலாளர் மாணவியை அழைத்து, நீ எந்த பில்லைக் கட்டவில்லை என்று கேட்டிருக்கிறார்.

இது கவனக்குறைவால் வந்த பிழை என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண் கேட்டதை ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறார். சிக்கல் நம் மொழியின் "என்று" என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் "நான் நாளை கிளம்புகிறேன் என்று சொன்னார்" என்றால், "நான்" யார் என்று யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் "என்று" என்பது வாயால் உச்சரிக்கக்கூடிய மேற்கோள்குறி. அதற்கு முன்னால் இருப்பவை எல்லாம் சொன்னவருடைய சொற்கள் என்பது தமிழ்க் காதுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் "என்று" என்பதற்கு நேர் சொல் "தட்" என்று மனத்தில் பதித்துக்கொண்டு, மேற்கோளை அப்படியே "தட்" பின்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள். "தட்" மேற்கோள்குறி அல்ல. அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு "ஐ"யும் இப்போது எழுதிக்கொண்டிருப்பவரையே குறிக்கும். "டுமாரோ" எழுதுபவரின் நாளையையே குறிக்கும்.

தமிழிலும் உண்மையான அயற்கூற்று உண்டு. "தான் கிளம்புவதாகச் சொன்னார்" என்கிறோமே, அதுதான். அங்கே "நான்" "தான்" ஆகிவிடுகிறது. ஆனால் "கிளம்புவதாக" என்ற வடிவம், சொன்னது நேற்றானாலும் போன வருடமானாலும் மாறுவதில்லை. நம் மொழியில் வினை சொன்ன நேரத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. சொன்னார் என்ற வினை இறந்த காலத்துக்குப் போனால், உள்ளே இருக்கும் வினையும் அதன் பின்னால் ஒரு படி நகர்கிறது. "ஆம்", "இஸ்" என்பவை "வாஸ்" ஆகின்றன, "வில்" "வுட்" ஆகிறது, "ஹேவ்" "ஹேட்" ஆகிறது. அட்டவணை எல்லோரிடமும் இருக்கிறது. அதை நான் மீண்டும் எழுதப்போவதில்லை.

இங்கேதான் என் பொறுமையைச் சோதிக்கும் கேள்வி வரும். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எழுந்து, "சார், தங்கைக்குக் காய்ச்சல் என்று அம்மா இன்று காலைதான் சொன்னார், இன்னும் காய்ச்சல் இருக்கிறது, நான் ஷி ஹேட் ஃபீவர் என்று எழுதினால் காய்ச்சல் போய்விட்டது என்று ஆகாதா?" என்பார். ஆகாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன். பின்னுக்கு நகர்ந்த வினை, நிகழ்ச்சி முடிந்துவிட்டதாகச் சொல்வதில்லை. அது இப்போது உண்மையா என்பதைப் பற்றி அந்த வினைக்கு எந்தக் கருத்தும் கிடையாது. சொன்னது முன்பு நடந்தது, ஆகவே நானும் அங்கே நின்று பேசுகிறேன் என்பது மட்டுமே அதன் பொருள். "த டாக்டர் ஸெட் தட் த சைல்ட் வாஸ் அலர்ஜிக் டு பெனிசிலின்" என்று ஒரு தாய் சொன்னால், ஒவ்வாமை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பெனிசிலின் ஊசி போடும் செவிலியர் எவரும் இருக்கமாட்டார். காய்ச்சல் நின்றுவிட்டதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு வேறு சொற்களைச் சேர்க்க வேண்டும். "வாஸ்" ஒன்றே அந்த வேலையைச் செய்யாது. இந்தத் தவறான அச்சத்தால்தான் பிள்ளைகள் தேர்வில் "இஸ்" என்பதை "இஸ்" என்றே விட்டுவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

அப்படியானால் "ஷி ஸெட் ஷி இஸ் இல்" என்பது பிழையா? பேச்சில் பிழை இல்லை. நிலைமை இன்னும் நீடிக்கிறது என்றால் ஆங்கிலம் பேசுவோர் வினையை நகர்த்தாமலும் விடுவார்கள். ஆனால் தேர்வுத்தாளில் நகர்த்துங்கள். திருத்துபவர் அந்தக் காய்ச்சலை நேரில் பார்க்கவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரியன் கிழக்கே உதிப்பது போன்ற நிரந்தர உண்மைகளை மட்டும் அப்படியே விடலாம்.

அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகள் செய்யும் எதிர்ப்பக்கத் தவறு வேறு. அவர்கள் மேற்கோள்குறிக்குள் இருப்பதைப் பார்த்த உடனே மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு வெளியே இருக்கும் வினையைப் பார்ப்பதே இல்லை. "ரவி ஸேஸ்" என்று நிகழ்காலத்தில் தொடங்கினால் உள்ளே காலம் மாறவே கூடாது, "ஐ ஆம் டயர்டு" என்பது "ஹி இஸ் டயர்டு" என்று ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு நிற்கும். வினாத்தாள் தயாரிப்பவர் "ஸேஸ்" என்று வைப்பதே இதைச் சோதிக்கத்தான். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு அங்கிருந்து வரும் பிள்ளைகளிடம், உரையாடலைத் தந்து அதன் அயற்கூற்று வடிவத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் கேள்வியைப் பார்க்கிறேன். அதிலும் கோட்டுக்கு முன்னால் அச்சிடப்பட்டிருக்கும் "ஆஸ்க்டு", "ரிப்ளைடு" ஆகிய சொற்களே விடையின் காலத்தைச் சொல்லிவிடுகின்றன. பென்சிலை எடுத்து முதலில் அந்தச் சொல்லை வட்டமிடுங்கள், பிறகு கோட்டுக்கு வாருங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாக மாற்றிப் பார்ப்போம். அருண் ஸெட் டு மீனா, "ஐ வில் ரிட்டர்ன் யுவர் புக் டுமாரோ." வெளியே இருக்கும் வினை இறந்த காலம், ஆகவே "வில்" "வுட்" ஆகும். பேசியவர் அருண், "ஐ" "ஹி" ஆகும். கேட்டவர் மீனா, "யுவர்" "ஹர்" ஆகும். "டுமாரோ" "த நெக்ஸ்ட் டே" ஆகும். கேட்டவரின் பெயர் இருப்பதால் "ஸெட் டு" என்பது "டோல்ட்" ஆகும். இவ்வாறு, "அருண் டோல்ட் மீனா தட் ஹி வுட் ரிட்டர்ன் ஹர் புக் த நெக்ஸ்ட் டே" என்று கிடைக்கும். "டோல்ட்" என்ற சொல்லுக்குப் பின்னால் யாரிடம் என்பது கட்டாயம் வர வேண்டும். "ஹி டோல்ட் தட்" என்று எழுதுபவர்கள் "தட்" முன்னால் ஓர் ஆளை நிறுத்துங்கள், அல்லது "ஸெட்" போடுங்கள். கேள்வியாக இருந்தால் "ஆஸ்க்டு" பின்னால் "தட்" வராது. "இஃப்" வரும் அல்லது வினாச்சொல்லே வரும், அதற்குப் பின்னால் எழுவாய் முன்னும் வினை பின்னுமாகச் சாதாரண வாக்கியம்போல வரும். "ஹி ஆஸ்க்டு மீ வேர் வாஸ் ஐ கோயிங்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

வாக்கியத்தில் ஏற்கெனவே இறந்த காலம் இருந்தால் தேர்வில் "ஹேட்" சேருங்கள். "ஐ வென்ட்" என்பது "ஹேட் கான்" ஆகும். "ஹேட் வென்ட்" என்று ஒரு வடிவம் ஆங்கிலத்தில் இல்லை. அன்றாடப் பேச்சில் குழப்பம் இல்லாத இடத்தில் அந்த "ஹேட்" இல்லாமலே பேசலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

மீண்டும் குறிப்பேட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த மாணவி என்னை மடக்கிவிட்டார். பள்ளியில் சொன்னபடி "டுமாரோ" என்பதை "த நெக்ஸ்ட் டே" என்று மாற்றியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அது திங்கட்கிழமை என்றுதானே படும் என்று கேட்டார். சரியான கேள்வி. அட்டவணையில் இருக்கும் "த நெக்ஸ்ட் டே" என்பது சொன்ன நாளுக்கு அடுத்த நாள். சொன்ன நாள் எது என்று எழுதாவிட்டால் அந்தச் சொல் அந்தரத்தில் தொங்கும். தேர்வில் யார் எப்போது சொன்னார் என்ற விவரம் இல்லாததால், எல்லாம் என்றோ நடந்தது என்று கொண்டு அட்டவணையைப் பின்பற்றுகிறோம். வாழ்க்கையில் நாம் நிற்கும் நாள் நமக்குத் தெரியும். சனிக்கிழமை இரவே, நள்ளிரவுக்கு முன் சக ஊழியரிடம் சொல்லியிருந்தால் "டுமாரோ" என்பதே சரி. ஞாயிறு காலையில் சொன்னால் "டுடே" என்றாக வேண்டும். எழுதி வைப்பதென்றால், படிப்பவர் எப்போது படிப்பார் என்பது தெரியாததால், கிழமையையே எழுத வேண்டும்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து திருத்திய குறிப்பு இதுதான்: "அட் 11.40 பி.எம். ஆன் சாட்டர்டே த கெஸ்ட் இன் ரூம் செவன் ஸெட் தட் ஷி வாஸ் லீவிங் ஆன் சண்டே அண்ட் வுட் நீட் எ டாக்ஸி அட் ஃபைவ் இன் தி ஈவினிங். ஷி ஸெட் தட் ஷி ஹேட் நாட் பெய்ட் த பில்." இதில் "ஐ" ஒன்றுகூட இல்லை. "வாஸ் லீவிங்" என்றிருப்பதால் அவர் கிளம்பிப் போய்விட்டார் என்று காலைப் பணியாளர் எண்ணுவாரோ என்று மாணவிக்கு அப்போதும் ஓர் ஐயம் இருந்தது. அதே வரியில் "ஆன் சண்டே" இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். அவர் தம் குறிப்பேட்டில் தேதிக்கு அடுத்து, சொன்ன நேரம் என்று தனியாக ஒரு பத்தி கோடு போட்டுவிட்டாராம்.