ஆயுத பூஜைக்கு நான்கு நாள் லீவு: ஒரு நாள் விடுப்பை மிச்சம் பிடித்துப் பணத்தை இழக்காதீர்கள்

தொடர் விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் அலுவலகத் தொலைபேசியில் வரும் கேள்வி ஒன்றுதான்: "வெள்ளிக்கிழமை ராத்திரி ஊட்டிக்கு ஏதாவது கிடைக்குமா, சார்?" கிடைக்கும். ஆனால் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைச் சொன்னால் நான்தான் கொள்ளையடிப்பதுபோல் கோபப்படுகிறார்கள். இந்த ஆண்டும் அதே உரையாடல் வேண்டாம் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

2026இல் ஆயுத பூஜை அக்டோபர் 19, திங்கட்கிழமை. விஜயதசமி மறுநாள் செவ்வாய்க்கிழமை. முன்னால் சனி, ஞாயிறு இருப்பதால், சனிக்கிழமையும் விடுமுறையாக உள்ளவர்களுக்கு ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் நான்கு நாள் கிடைக்கிறது. நாள்காட்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, வெள்ளி இரவு கிளம்பிச் செவ்வாய் இரவு திரும்புவதுதான்.

"விடுப்பு எடுக்காமல் போய்வந்தால் லாபம்" என்ற இந்த எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும். நான்கு நாளும் உங்களுக்கு மட்டும் கிடைத்தவை அல்ல. சென்னையில் ஐந்து நாள் வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் கிடைத்தவை. அவர்கள் அனைவரும் ஒரே இரவில் போய் ஒரே இரவில் திரும்ப நினைக்கிறார்கள். வழக்கமான ரயில்களில் கட்டணம் ஏறாது, இடம்தான் இருக்காது. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் ஆம்னி பேருந்துக்கு வருகிறார்கள், அங்கே கட்டணம் ஏறுகிறது. அறை வாடகையும் அப்படித்தான். நீங்கள் மிச்சப்படுத்திய ஒரு நாள் விடுப்புக்கான விலையை, பேருந்திலும் விடுதியிலும் பலமடங்காகக் கட்டிவிட்டு, அதை லாபம் என்று எழுதிக்கொள்கிறீர்கள்.

சென்னையிலிருந்து ஊட்டி செல்லும் நான்கு பேர் கொண்ட குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, சாதாரண நாளில் ஆம்னி பேருந்தில் ஒருவருக்கு 1,200 ரூபாய், விடுமுறை இரவில் 2,500. அறை வாடகை வார நாளில் 3,000, விடுமுறையில் 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு போய்ச் செவ்வாய் இரவு திரும்பினால் பேருந்துக்கு 20,000, சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று இரவுத் தங்கலுக்கு 15,000, ஆக 35,000 ரூபாய். இதே குடும்பம் வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்து, 15ஆம் தேதி வியாழன் இரவே கிளம்பி, 18ஆம் தேதி ஞாயிறு இரவு திரும்புகிறது என்போம். கூட்டம் கிளம்புமுன் போகிறார்கள், கூட்டம் இன்னும் மலையில் இருக்கும்போதே இறங்கிவிடுகிறார்கள். பேருந்துக்கு 9,600, வெள்ளி இரவு 3,000, சனி இரவு 5,000, மொத்தம் 17,600. ரயிலில் இடம் கிடைத்துவிட்டால் இன்னும் குறையும்.

"அதில் ஓர் இரவு குறைகிறதே" என்று கேட்பீர்கள். குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் திட்டத்தின் சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் எங்கே போகின்றன என்று பாருங்கள். சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டி பர்லியாறு தாண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குமுன் அறையும் தரமாட்டார்கள். செவ்வாய் மதியம் எல்லோரும் ஒருசேர இறங்குவார்கள். இரவு பேருந்தைத் தவறவிடக் கூடாதே என்று நீங்கள் காலையிலேயே மூட்டை கட்டிவிடுவீர்கள். ஊட்டியில் உருப்படியாக இருந்தது ஞாயிறும் திங்களும்தான். (திங்கட்கிழமை வீட்டில் பூஜை போடுவதில்லையா என்று நான் யாரையும் கேட்பதில்லை. ஆனால் ஞாயிறு இரவு கிளம்பினால் விடிந்ததும் வீடு வந்து, வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்க நேரமிருக்கும்.)

வியாழன் இரவே போகிறவர்கள் தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, படகு இல்லம் மூன்றையும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். சனிக்கிழமை ஊட்டி நகருக்குள் சுற்றாதீர்கள். குன்னூர் பக்கம் போய்ச் சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் மலையிலிருந்து இறங்கினால் போதும், எதிர்த் திசை என்பதால் சாலை பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

இனி ரயில் பற்றி. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். 15ஆம் தேதி இரவு சென்ட்ரலிலிருந்து புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு ஆகஸ்ட் 16, ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். 18ஆம் தேதி மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்புவதற்கு ஆகஸ்ட் 19, புதன்கிழமை. தொடக்க நேரத்தில் ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு இல்லாமல் இணையத்தில் டிக்கெட் எடுக்க முடியாது என்பதால், அந்த வேலையை ஜூலையிலேயே முடித்து வையுங்கள். நள்ளிரவுக்குப் பின் ரயில் வரும் ஈரோடு போன்ற ஊர்களிலிருந்து ஏறுகிறவர்கள் மட்டும் தேதியை இரண்டு முறை பாருங்கள். 16ஆம் தேதி அதிகாலை ஈரோட்டில் ஏற 15ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டால் ரயில் ஒரு நாள் முன்பே போயிருக்கும்.

காத்திருப்போர் பட்டியலை நம்பி விடுதிக்கு முன்பணம் கட்டாதீர்கள். சாதாரண வாரத்தில் பலர் பயணத்தை ரத்து செய்வதால் பட்டியல் நகரும். தொடர் விடுமுறையில் கடைசி நேரத்தில் ரத்து செய்பவர்கள் குறைவு, ஆகவே பட்டியல் அவ்வளவாக நகராது. இணையத்தில் எடுத்த அந்த டிக்கெட் இறுதிப் பட்டியல் தயாரானதும் தானாகவே ரத்தாகிவிடும், முன்பதிவுப் பெட்டியில் ஏறவும் முடியாது. பிறகு அன்று மாலை எங்களிடம் வந்து பேருந்து கேட்டால், அன்றைய விலையைத்தான் சொல்ல முடியும்.

அறை பிடிக்கும்போது இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது ஒன்று. விடுமுறை நாட்களில் "குறைந்தது மூன்று இரவு" என்ற நிபந்தனை உண்டா என்பது மற்றொன்று. இணையத்தில் கிடைத்த ஏதோ ஓர் எண்ணுக்குப் பேசி, விடுதியின் பெயரில் இல்லாத தனிநபர் கணக்குக்கு முன்பணம் அனுப்பிவிட்டு, அங்கே போனபின் பதிவே இல்லை என்று தெரிந்து எங்களை அழைப்பவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. தயவுசெய்து, பணம் அனுப்புமுன் விடுதியின் வரவேற்பறைக்கு ஒருமுறை நேரடியாகப் பேசுங்கள்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறைக்கு வந்த இ-பாஸ் பற்றி நினைவூட்ட வேண்டும். கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு கைப்பேசியில் சிக்னல் தேடாமல் வீட்டிலேயே எடுத்து வாருங்கள். அரசுப் பேருந்தில் ஏறினால் அது தேவையில்லை.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. திங்கட்கிழமை பூஜையை வீட்டில் முடித்து அன்றிரவு கிளம்புங்கள். செவ்வாயன்று கூட்டம் இறங்கும்போது நீங்கள் ஏறுவீர்கள். செவ்வாய், புதன் இரண்டு இரவுமே வார நாள் வாடகை, அவற்றுக்கு 6,000 ஆகும். வியாழன் இரவு திரும்பினால் வெள்ளி காலை அலுவலகத்தில் இருக்கலாம். புதன், வியாழன் என இரண்டு நாள் விடுப்பு தேவைப்படும். இந்தத் திட்டத்தில் 19ஆம் தேதி ரயிலுக்கு ஆகஸ்ட் 20 அன்றும், 22ஆம் தேதி திரும்புவதற்கு ஆகஸ்ட் 23 அன்றும் முன்பதிவு திறக்கும்.

எந்தத் திட்டமானாலும், அலுவலகத்தில் விடுப்புக்கு ஒப்புதல் வாங்குவதை ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் முடியுங்கள். டிக்கெட் எடுத்தபின் மேலாளர் மறுத்துவிட்டார் என்று ரத்து செய்ய வருகிறவர்களின் வரிசை, டிக்கெட் எடுக்க வருகிறவர்களின் வரிசைக்குக் குறைந்ததில்லை.