வின்-பேக் ஆஃபர்: மீளழைப்புச் சலுகை

வாங்குவதை நிறுத்திவிட்டவரைத் திரும்ப வரவழைக்கக் கடைகள் தரும் சலுகைக்கு 'வின்-பேக் ஆஃபர்' என்று பெயர். 'வின்' என்பதன் பழைய ஆங்கில வேருக்குப் பாடுபடு, போரிடு என்று பொருள். நின்றுபோனவரை 'லேப்ஸ்டு கஸ்டமர்' என்பார்கள். பிரீமியம் கட்டாவிட்டால் பாலிசி 'லேப்ஸ்' ஆகுமே, அதே சொல்தான். ஆனால் பாலிசிதாரர் தவணை கட்ட ஒப்புக்கொண்டவர். கடைக்கு வருவதாக யாரும் எழுதித் தரவில்லை. அதனால் 'வாடிக்கை விட்டவர்' என்றாலே போதும். 'வின்-பேக்' என்பதை 'மீட்பு' என்று தமிழாக்கினால், அது அடகு நகைக்குப் பொருந்துமே தவிர வாடிக்கையாளருக்குப் பொருந்தாது. 'மீளழைப்புச் சலுகை' என்பதே சரி. அழைப்பை ஏற்பதும் விடுவதும் அவர் விருப்பம்.

மயிலாப்பூரில் ஒரு காபித்தூள் கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 20 நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ வாங்கிவந்தார். 25ஆம் நாளே செய்தி அனுப்புவது நச்சரிப்பு. மூன்று சுற்று தவறி, 60 நாள் கடந்த பிறகுதான் அவரை வாடிக்கை விட்டவராகக் கொள்ளலாம். மே மாத இடைவெளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பள்ளி விடுமுறையில் பல வீடுகள் ஊருக்குப் போய்விடும்.

"என்ன, ஆளையே காணோம்?" என்று கல்லாவில் இருப்பவர் சிரித்துக்கொண்டே கேட்டால் அது பாசம். அதே வரி செல்போனில் வந்தால் குற்றச்சாட்டு. "எங்களை மறந்துட்டீங்களா?", "இன்று மட்டுமே" இரண்டும் அப்படித்தான் உறுத்தும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். நீங்க கடைசியா வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. உங்க பீபெரி, 20 சதவீதம் சிக்கரி கலவை குறிப்பு எங்ககிட்ட இருக்கு. எப்ப வேணும்னாலும் அதே பதத்துல அரைச்சுத் தர்றோம். இந்த மாசக் கடைசி வரைக்கும் அரைக் கிலோவுக்கு 50 ரூபாய் குறைவு. செய்தி வேண்டாம்னா 'வேண்டாம்'னு அனுப்புங்க."

இடைவெளியைச் சொல்லியாயிற்று, காரணம் கேட்கவில்லை. பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். தூள் கசக்கிறது என்று புகார் சொல்லிவிட்டு நின்றவருக்கு இந்தச் செய்தியே போகக் கூடாது. முதலில் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டும். தள்ளுபடி அதை மூடாது.

பலரும் ஏமாறுவது கணக்கில்தான். சலுகை இல்லாமலும் சிலர் தாமாகவே திரும்பி வருவார்கள். வாடிக்கை விட்ட 200 பேரில் குலுக்கல் முறையில் 40 பேருக்கு அனுப்பாமல் விடுங்கள். அனுப்பிய 160 பேரில் 24 பேரும், அனுப்பாத 40 பேரில் 4 பேரும் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பாமலே 160 பேரில் 16 பேர் வந்திருப்பார்கள். சலுகை கொண்டுவந்தது 8 பேரைத்தான். செலவோ 24 பேருக்கும் சேர்த்து 1,200 ரூபாய், அதாவது சலுகையால் வந்த எட்டுப் பேரில் ஆளுக்கு 150. அரைக் கிலோவில் 80 ரூபாய் லாபம் என்றால், அந்த எட்டுப் பேரும் இரண்டாம் முறை வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஓரிருவர் கூடக் குறைய வந்தாலே கணக்கு மாறிவிடும். இரண்டு மூன்று முறை செய்துபார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.